கஞ்சப்பிரபு கணக்கு - 9: டெலிவரி ஃப்ரீ, அண்ணாச்சி காலி!

போன பதிவுல ஹீட்டர் பில்லைக் குறைக்கப் போய் சளி பிடிச்ச கதையை எழுதினேன். இந்த முறை மளிகை. இது கொஞ்சம் குற்ற உணர்ச்சியோட எழுதற பதிவு. ஏன்னு கடைசி வரைக்கும் படிச்சா தெரியும்.

நான் இருக்கிறது பஃபலோ. நயாகரா பக்கத்து ஊர்னு சொன்னா எல்லாரும் "ஆஹா"ம்பாங்க. நவம்பர்ல வந்து பாருங்க, அப்புறம் ஆஹா வராது. ரூம்ல நாலு பேர், ஒருத்தன்கிட்டயும் கார் கிடையாது. நம்ம ஊர் சாமான் விக்கிற கடை அஞ்சு மைல் தள்ளி. பஸ்ல போய் இருபது பவுண்டு அரிசி மூட்டையைத் தோள்ல வெச்சு ஐஸ் மேல நடந்து வந்தவனுக்குத்தான் டெலிவரியோட அருமை தெரியும்.

கடைக்காரர் தூத்துக்குடி பக்கம், அதனால எங்க எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. முன்னாடியெல்லாம் போன் பண்ணினா வீட்டுக்குக் கொண்டு வந்து கொடுப்பார், ஒரு தடவைக்கு 5.99 டாலர். 2025 செப்டம்பர்ல ஒரு புதுத் திட்டம் கொண்டு வந்தார். மாசம் 14.99 கட்டினா மெம்பர். 25 டாலருக்கு மேல எத்தனை தடவை ஆர்டர் பண்ணினாலும் டெலிவரிக்குத் தனியா காசு கிடையாது, ரெண்டு மணி நேரத்துல வீட்டு வாசல்ல சாமான்.

நம்ம கஞ்ச மூளை உடனே வேலை செஞ்சுது. 14.99-ஐ 5.99-ஆல் வகுத்தா ரெண்டரை. அதாவது மாசத்துக்கு மூணாவது ஆர்டர்லேர்ந்து நமக்கு லாபம். நாலு பேர் சேர்ந்து ஒருத்தன் பேர்ல மெம்பர் ஆனா தலைக்கு 3.75. விடுவோமா? முதல் நாளே சேர்ந்தாச்சு.

அதுக்கப்புறம் எங்க ரூம்ல நடந்ததை நேர்மையா சொல்லணும்னா... ரசம் வைக்க உக்காரும்போது கொத்தமல்லி இல்லைன்னு தெரியும். முன்னாடின்னா கொத்தமல்லி இல்லாத ரசம் குடிச்சிருப்போம். இப்போ ஆர்டர். கொத்தமல்லிக் கட்டு ஒண்ணேகால் டாலர், 25-ஐத் தொட மிச்சத்துக்கு முறுக்கு, பிஸ்கட், மாங்காய் ஊறுகாய். ரெண்டு நாள் கழிச்சு தயிர் இல்லை. மறுபடி ஆர்டர். நவம்பர் மாசம் மட்டும் எங்க ரூமிலேர்ந்து 11 ஆர்டர். ஒவ்வொண்ணும் ஏறக்குறைய 27 டாலர். அலமாரியில ஊறுகாய் பாட்டில் மட்டும் ஏழு இருந்துது, அதுல மூணு ஒரே ஊறுகாய்!

டிசம்பர் முதல் வாரம் நேரா கடைக்கே போயிருந்தேன். அண்ணாச்சி முகமே சரியில்லை. "தம்பி, ஜனவரியோட டெலிவரியை நிறுத்திரலாம்னு இருக்கேன்"னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. பனி கொட்டற ரெண்டு மாசம்தான் முன்னாடி இருக்கு.

"ஏன் அண்ணாச்சி, வியாபாரம் நல்லாத்தானே போகுது? உங்க வண்டியை எங்க தெருவுல தினமும் பாக்குறேனே."

"அதுதான் தம்பி எனக்கும் புரியல. விக்கிறது கூடியிருக்கு. பேங்க்ல பாத்தா குறைஞ்சுக்கிட்டே போகுது. எங்க ஓட்டைன்னே தெரியல. நீ என்னமோ கணக்குப் படிப்புதானே படிக்கே?"

படிக்கிறது இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங். அந்த செமஸ்டர்ல ஒரு பாடத்துக்கு ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டிய நேரமும் அதுதான். புரொபசர்கிட்ட கேட்டுட்டு அண்ணாச்சியோட ஆர்டர் லிஸ்டை வாங்கினேன். எனக்கு வேண்டியிருந்தது மூணே மூணு விவரம்: எந்தத் தேதி, எந்த விலாசம், பில் எவ்வளவு.

முதல்ல ஒரு டிரிப்புக்கு அண்ணாச்சிக்கு நிஜமா என்ன செலவுன்னு பாத்தோம். அவர் அதுவரைக்கும் பெட்ரோலை மட்டும்தான் செலவா நினைச்சுக்கிட்டு இருந்தார். "கேஸ் ஒரு டாலர் ஆகும் தம்பி, அவ்வளவுதான்"னார். தப்பு அங்கதான் ஆரம்பிக்குது. செலவு மூணு பங்கு.

ஒண்ணு, வண்டி ஓட்டற அண்ணனோட நேரம். 2025-ல நியூயார்க் மாநிலத்துல எங்க பக்கம் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15.50. முதலாளி கட்ட வேண்டிய வரி, இன்சூரன்ஸ் சேர்த்தா அண்ணாச்சிக்கு 17 டாலர் ஆகுது. ரெண்டு மணி நேரத்துல கொடுக்கணும்னு வாக்குக் கொடுத்திருக்கறதால ஆர்டர் சேரட்டும்னு காத்திருக்க முடியாது. வண்டி கிழக்கே ஒரு வீடு, மேற்கே ஒரு வீடுன்னு ஓடுது. மணிக்கு மூணு வீடுதான் முடியுது. ஆக வீட்டுக்கு 5.65.

ரெண்டு, வண்டி. பெட்ரோல் மட்டும் இல்லை, டயர், ரிப்பேர், இன்சூரன்ஸ், வண்டியோட மதிப்புக் குறையறது எல்லாமே செலவுதான். இதுக்கு அமெரிக்க வருமான வரித்துறையே வருஷா வருஷம் ஒரு தொகை அறிவிக்கும். 2025-க்கு மைலுக்கு 70 சென்ட். வீட்டுக்கு சராசரி நாலு மைல், 2.80.

மூணு, யாருமே கணக்குல எடுக்காதது: கடைக்குள்ள நடந்து சாமானை எடுத்துப் பையில போடற நேரம். சாதாரணமா அந்த வேலையை நாமதான் தள்ளுவண்டி தள்ளிக்கிட்டு கடைக்காரருக்கு இலவசமா செஞ்சு கொடுக்கறோம்! டெலிவரின்னா அவர் ஆள் செய்யணும். பத்து நிமிஷம்னாலும் 2.85.

கூட்டினா ஒரு டிரிப் 11.30 டாலர். அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

சரி, வருமானம்? அவர் கடையில நூறு டாலருக்கு வித்தா சாமான் வாங்கின விலை போக நிக்கிறது 22. அதுலதான் வாடகை, கரண்ட், கடை ஆள் சம்பளம் எல்லாம்.

இப்போ மெம்பர் திட்டத்துக்கு முன்னாடி ஒரு வீட்டை எடுத்துக்கங்க. மாசம் ரெண்டு ஆர்டர், ஒவ்வொண்ணும் 68 டாலர். மொத்தம் 136-க்கு வியாபாரம், அதுல 30 டாலர் நிக்கும். டெலிவரிக் காசு ரெண்டு தடவைக்கு 12. மொத்தம் 42. ரெண்டு டிரிப் செலவு 22.60 போனா, கையில 19 டாலர் சொச்சம்.

அதே வீடு மெம்பர் ஆன பிறகு? மாசம் அஞ்சு ஆர்டர், சராசரி 31 டாலர். மொத்த வியாபாரம் 155. பாருங்க, விற்பனை கூடித்தான் இருக்கு! அதுல நிக்கிறது 34, மெம்பர் காசு 15, ஆக 49. ஆனா அஞ்சு டிரிப்புக்கு 56.50. வீட்டுக்கு 7 டாலர் சொச்சம் கைநஷ்டம். மெம்பர் 60 வீடு. மாசம் 445 டாலர் கிட்ட ஓட்டை.

எங்க ரூம் கணக்கைத் தனியா போட்டுப் பாத்தேன். 11 டிரிப்புக்கு 124 டாலர் செலவு. எங்களால அவருக்கு வந்தது 81. ஒரே மாசத்துல 43 டாலரை நாங்க நாலு பேரும் சேர்ந்து அண்ணாச்சி பாக்கெட்லேர்ந்து எடுத்திருக்கோம். அவ்வ்வ்வ்... அறுபது வீட்டுல மோசமான வீடு எதுன்னு அவர் கேட்டார். "சில பசங்க ரூம் இருக்கு அண்ணாச்சி"ன்னு மழுப்பிட்டேன். (லிஸ்ட்ல விலாசம் இருந்துது, அவருக்குத் தெரியாமலா இருக்கும்? பெருந்தன்மையா விட்டுட்டார்.)

சரி, மாசக் காசு வாங்கறவங்க எல்லாரும் நஷ்டத்துலயா ஓடறாங்க? இல்லையே. ஜிம்மைப் பாருங்க. டெல்லாவிக்னா, மால்மெண்டியர்னு ரெண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் 2006-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. மாசம் 70 டாலருக்கு மேல கட்டற ஜிம் மெம்பருங்க சராசரியா மாசத்துக்கு 4.3 தடவைதான் போனாங்களாம். ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல விழுது. மெம்பர் ஆகாம பத்து தடவைக்கான பாஸ் வாங்கியிருந்தா தடவைக்கு 10 டாலர்தான். ஆக, ஜிம்காரர் பொழப்பு ஓடறது பாதி நாம போகாத நாளால. போனாலும் அவருக்குப் பெருசா செலவு இல்லை, மெஷின் சும்மாத்தானே நிக்குது.

மளிகை நேர் எதிர். உடற்பயிற்சியை மறக்கலாம், சாப்பிட மறக்க முடியாது. தடவைக்குக் காசு இல்லைன்னதும் நாம கூப்பிடற எண்ணிக்கை ஏறும். ஒவ்வொரு கூப்பிடலுக்கும் அங்க ஒரு ஆள் வண்டியைக் கிளப்பணும். டெலிவரிக் காசை மாசக் கட்டணத்துக்குள்ள மறைச்சது நம்ம கண்ணுக்குத்தான். செலவு மறையவே இல்லை, டிரிப்புக்கு டிரிப் அப்படியே நிக்குது. அந்த 5.99 வெறும் கட்டணம் இல்லை. "கொத்தமல்லிக்காக இப்போ கூப்பிடணுமா?"ன்னு நம்மளை ஒரு நிமிஷம் யோசிக்க வெச்ச தடுப்பு. அதை எடுத்ததும் வெள்ளம்.

இது நடக்குதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? பில் தொகையை வரிசையா அடுக்கிப் பாத்தா போதும். அண்ணாச்சி லிஸ்ட்ல நவம்பர் மாசம் 300 ஆர்டர். அதுல பாதிக்குக் கிட்ட 25-க்கும் 28-க்கும் நடுவுல! யாரும் தேவைக்கு வாங்கல, கோட்டைத் தொட வாங்கறாங்கன்னு அர்த்தம். எங்க ஊறுகாய் பாட்டிலுக்கெல்லாம் இதுதான் காரணம்.

அண்ணாச்சி உடனே, "அப்போ மாசம் 24.99 ஆக்கிருவோமா தம்பி?"ன்னார். எனக்கும் முதல்ல அதுதான் தோணிச்சு. பேப்பர்ல போட்டுப் பாத்தா அது இன்னும் ஆபத்து. 24.99-ன்னா அஞ்சாவது ஆர்டர்லேர்ந்துதான் மெம்பருக்கு லாபம். மாசம் ரெண்டு மூணு தடவை வாங்கற குடும்பஸ்தங்க உடனே விலகிடுவாங்க. அவங்கதான் அண்ணாச்சிக்கு லாபம் தர்றவங்க. யாரு மிஞ்சுவா? எங்களை மாதிரி பதினோரு தடவை கூப்பிடற கிராக்கிங்க. எங்களுக்கு 24.99-ம் கொள்ளை மலிவுதானே! விலையை ஏத்த ஏத்த மோசமான வாடிக்கையாளர் மட்டும் வடிகட்டி நிப்பாங்க.

அப்போ வேற வழி? டிரிப் செலவையே குறைக்கணும். கூலியைக் குறைக்க முடியாது, மைலுக்கு ஆகற செலவும் அப்படியே. மாத்த முடிஞ்சது ஒண்ணே ஒண்ணு, ஒரு மணி நேரத்துல எத்தனை வீடு. விலாசத்தை மேப்ல புள்ளி வெச்சுப் பாத்தா எங்க தெருவும் பக்கத்து ரெண்டு தெருவும் சேர்ந்து 14 மெம்பர். நவம்பர்ல ஒரு நாள் எங்க தெருவுக்கே வண்டி மூணு தடவை வந்திருக்கு, மூணு வேற வேற நேரத்துல! ரெண்டு மணி நேர வாக்குதான் வில்லன்.

ஜனவரி 2026-லேர்ந்து திட்டம் மாறிச்சு. மாசக் கட்டணம் அதே 14.99. ஏரியாவுக்கு வாரத்துல ஒரு நாள். எங்களுக்கு செவ்வாய் சாயங்காலம். திங்கள் ராத்திரி பத்து மணிக்குள்ள ஆர்டர் கொடுக்கணும். குறைந்தபட்சம் 35 டாலர். வேற நாள்ல வேணும்னா மெம்பரா இருந்தாலும் 6.99 தனி. பனியால ரோட்டுல வண்டி ஓட்டத் தடை போட்டா, அந்த வாரத்துக்கான டெலிவரி வேற நாள்ல வரும்.

ஒரே தெருவுல வரிசையா இறக்கினதும் மணிக்கு ஆறு வீடு முடியுது. ஆள் நேரம் 2.85 ஆச்சு, வண்டி 1.40 ஆச்சு, சாமான் எடுக்கற 2.85 மட்டும் அப்படியே. டிரிப் 7.10. மாசம் நாலு டிரிப்புக்கு 28.40. சராசரி பில் 38-க்கு ஏறிச்சு, மாசம் 152-ன்னா நிக்கிறது 33, மெம்பர் காசு 15, ஆக 48. மிச்சம் 20 டாலர் கிட்ட. பழைய 19-ஐ விட ஒரு டாலர் கூட! இது 2025 கூலிக் கணக்கு. 2026-ல கூலி 16 ஆயிருக்கு, அதனால டிரிப்புக்குச் சில சென்ட் கூடும், கணக்கு கவிழாது.

எல்லாம் சுபம்னு சொல்ல மாட்டேன். 60-ல ஒன்பது வீடு விலகிட்டாங்க. அதுல கைக்குழந்தை இருக்கிற ஒரு வீடும் உண்டு. அவங்களுக்கு நினைச்ச நேரத்துல வர்றதுதான் தேவையே, செவ்வாய்க்கிழமை அவங்களுக்குப் பிரயோஜனம் இல்லை. தனியா இருக்கிற ஸ்டூடன்ட்டுக்கு வாரம் 35 டாலர் கஷ்டம், அதனால ரெண்டு மூணு பேர் சேர்ந்து ஒரே ஆர்டரா கொடுக்கறாங்க. பெரிய கட்டடம் ஒண்ணுல நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அங்க மட்டும் மணிக்கு ஆறு வீடு நடக்கல, நாலுதான்.

இது அண்ணாச்சி ஒருத்தர் மாட்டிக்கிட்ட பொறி இல்லைங்க. 1999-ல சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் வெப்வேன்னு ஒரு கம்பெனி மளிகையை அரை மணி நேர இடைவெளிக்குள்ள வீட்டுக்குக் கொண்டு வர்றேன்னு ஆரம்பிச்சுது. 26 கிடங்கு கட்ட நூறு கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டாங்க. ஆர்டர் அந்த அளவுக்கு நெருக்கமா சேரவே இல்லை. 2001 ஜூலையில திவால். நூறு கோடி போட்டவனுக்கும் நம்ம அண்ணாச்சிக்கும் கேள்வி ஒண்ணுதான்: ஒரு மணி நேரத்துல எத்தனை வீடு?

நம்ம பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. நீங்க இருக்கிற ஊர்ல இந்த மாதிரி மெம்பர் ஆகறதுக்கு முன்னாடி, கட்டணத்தை ஒரு தடவைக் காசால வகுத்துப் பாக்கறதோட நிக்காதீங்க. அது பாதிக் கணக்கு. ஒரு மாச பில்லை எடுத்து, கோட்டைத் தொடறதுக்காக வாங்கின சாமானைத் தனியா கூட்டுங்க. எங்களுக்கு நவம்பர்ல அது 60 டாலரைத் தாண்டிச்சு. டெலிவரிக்குத் தடவைக்குத் தடவை காசு கொடுத்திருந்தாக் கூட பதினோரு தடவைக்கு 66 தான். ஆக, அண்ணாச்சிக்கும் நஷ்டம், எங்களுக்கும் பெருசா லாபம் இல்லை, லாபம் ஊறுகாய்க் கம்பெனிக்கு! பெரிய ஆப்ல வாங்கறவங்க இன்னொண்ணும் பாருங்க. டெலிவரி ஃப்ரீன்னாலும் சில கடைக்கு "கடை விலையை விட இங்க விலை கூடுதல்"னு அவங்களே சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க.

கடைசியா, எனக்கு உறுத்தறது. டெலிவரி பண்ற அந்த அண்ணனுக்கு முன்னாடியெல்லாம் தடவைக்கு ரெண்டு டாலர் டிப்ஸ் கொடுப்போம். மெம்பர் ஆனதும் நிறுத்திட்டோம். யாரும் முடிவு பண்ணி நிறுத்தல, அதான் மாசாமாசம் கட்டறோமேன்னு ஒரு நினைப்பு. அவருக்கு அதுல ஒரு சென்ட் போகல. நவம்பர் பனியில பதினோரு தடவை எங்க படியேறியிருக்கார். ஒரு தடவை கொத்தமல்லி ஈரமாகக் கூடாதுன்னு ஜாக்கெட்டுக்குள்ள வெச்சுக் கொண்டு வந்தார்.

இப்போ ஃபிரிட்ஜ் கதவுல ஒரு பேப்பர் ஒட்டியிருக்கோம். தீர்ந்ததை எழுதுவோம், திங்கள் ராத்திரி ஒரே ஆர்டர். செவ்வாய்க்கிழமை வாசல்ல அஞ்சு டாலர் தயாரா இருக்கும். இடையில கொத்தமல்லி தீர்ந்தா, கொத்தமல்லி இல்லாத ரசம்தான். பழகிடுச்சு :-)

உங்க ஊர்ல எப்படி? சிங்கப்பூர், லண்டன் மக்கள் எல்லாம் என்ன பண்றீங்கன்னு சொல்லுங்க. மாசக் கணக்கு நோட்டு போட்டு ஊர்ல மளிகைக்கடை நடத்தின வீட்டுப் பிள்ளைங்க யாராவது இருந்தா கட்டாயம் எழுதுங்க, அண்ணாச்சிக்குப் படிச்சுக் காட்டணும்.

டிஸ்கி 1: ப்ராஜெக்டுக்கு ஏ மைனஸ். மைனஸ் எதுக்குன்னு கேட்டேன். "நாலாவது மாடியை மறந்துட்டே"ன்னார் புரொபசர்.

டிஸ்கி 2: ஊறுகாய் இன்னும் நாலு பாட்டில் இருக்கு. பஃபலோ பக்கம் வர்றவங்களுக்கு இலவசம். டெலிவரி கிடையாது, நேர்ல வந்துதான் வாங்கிக்கணும்!